கெட்ட இரவில் எந்தச் செய்தி வந்து சேரும்? மூன்று அறிக்கை வடிவங்கள்

டர்பனில் தலைமைக் கடை. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் ஆகிய மூன்று இடங்களில் கிளைகள். மசாலா மொத்த வியாபாரம். இரவு ஒன்றரை மணிக்குக் கிளைகளின் விற்பனைக் கோப்புகளை rsync தலைமைக் கடைக் கணினிக்கு இழுத்து வருகிறது. வேலை முடிந்ததும் டெலிகிராம் வழியாக ஒரு செய்தி கைபேசிக்குப் போகிறது. அதைப் படிப்பவர் கணக்குப் பார்க்கும் அக்கா. காலையில் கடைக்குக் கிளம்பும் அவசரத்தில், பூட்டைத் திறக்காமலே திரையைப் பார்ப்பவர். அவருக்கு வேண்டியது ஒரே பதில்: இன்று கணக்கைத் திறக்கலாமா, கூடாதா?

இந்தச் செய்தியை மூன்று வகையாக அனுப்பலாம்: rsync எழுதும் பதிவேட்டை அப்படியே ஒட்டுவது, அட்டவணையாகக் கட்டுவது, நான்கைந்து குறுவரிகளில் முடிப்பது. எல்லாம் ஒழுங்காக நடந்த இரவில் மூன்றுமே நன்றாகத்தான் தெரியும். ஆகவே அதை வைத்து எடை போடுவதில் பயனில்லை. ஏதாவது உடைந்த இரவில் எது வந்து சேர்கிறது என்பதே என் அளவுகோல்.

முதலில் பதிவேட்டை ஒட்டுவது. செய்வதற்கு எளிது, எதுவும் விடுபடாது. ஆனால் டெலிகிராம் ஒரு செய்தியில் 4096 எழுத்துகளுக்கு மேல் ஏற்காது. மீறினால் `message is too long` என்று திருப்பி அனுப்பிவிடும். நல்ல இரவில் பதிவேடு பத்து வரிதான். கெட்ட இரவில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பிழை வரி விழுந்து நூற்றுக்கணக்கில் நீளும். அதாவது, செய்தி அவசியமான அன்றைக்கே அது போகாது. கடைசி வரிகளை மட்டும் வெட்டி அனுப்பலாம் என்பார்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் `some files/attrs were not transferred (see previous errors) (code 23)` என்ற வரிதான். காரணம் இருக்கும் முந்தைய வரி வெட்டுப்பட்டிருக்கும்.

அட்டவணை பார்க்க அழகு. கணினித் திரையில் நானே அதைத்தான் விரும்புவேன். கைபேசி அரட்டையில் அது நிற்பதில்லை. வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ நாம் கோடு போட்டு எழுதும் அட்டவணை அட்டவணையாக விரியாது. சம அகல எழுத்துருவில் இடைவெளி நிரப்பி ஒப்பேற்றினால், அகலம் போதாமல் வரி மடிந்து, டொங்காட்டின் எண்ணிக்கை ஃபீனிக்ஸின் கீழ் போய் உட்காரும். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் ‘கொ’ கணினிக்கு இரண்டு குறிகள். குறிகளை எண்ணி இடைவெளி நிரப்பும் நிரலுக்கு அது எத்தனை அகலம் பிடிக்கும் என்று தெரியாது. கிளைப் பெயர்களைத் தமிழில் எழுதினால் நெடுவரிசை கோணலாகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மிஞ்சுவது குறுவரிகள். டொங்காட்டில் ஒரு விற்பனைக் கோப்பைத் திறக்க அனுமதி மறுக்கப்பட்டு, rsync 23 என்ற எண்ணுடன் முடிந்த இரவை எடுத்துக்கொள்வோம். அப்போது போக வேண்டிய செய்தி இது:

```
திறக்க வேண்டாம்: டொங்காட் வரவில்லை
ஓடியது: 14 ஜூன், 01:30
வந்தவை: சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ்
காரணம்: கோப்பு அனுமதி (23)
செய்க: 8 மணிக்குள் என்னை அழைக்கவும்
```

முதல் வரியில் ‘பகுதி வெற்றி’ என்று எழுதவில்லை. மூன்றில் இரண்டு கிளைகள் வந்தது எனக்கு ஆறுதலாக இருக்கலாம். அக்காவுக்கு அது பதில் அல்ல. ஒரு கிளை குறைந்தாலும் கணக்கைத் திறக்கக் கூடாது என்றால், முடிவு ஒன்றே. பூட்டிய திரையில் முதல் வரியின் முதல் சில சொற்கள்தான் தெரியும். அதனால் கடைப்பெயர், தேதி, வணக்கம் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வர வேண்டும்.

பூஜ்யம் அல்லாத எண் எல்லாம் தோல்வியும் அல்ல. 24 என்றால், பட்டியல் எடுத்த பிறகு சில கோப்புகள் காணாமல் போயின என்று பொருள். விற்பனை மென்பொருள் தன் தற்காலிகக் கோப்பை அழித்தாலே அது வரும். விற்பனைக் கோப்பு வந்துவிட்டதா என்று தனியே சரிபார்த்துவிட்டு, வந்திருந்தால் ‘திறக்கலாம்’ என்றே எழுதலாம்.

ஆனால் அந்த எண்ணே பொய் சொல்லும் ஓர் இடம் இருக்கிறது. பதிவேட்டில் சேமிப்பதற்காக rsync-இன் வெளியீட்டை tee வழியாக அனுப்புவது வழக்கம். அப்படிச் செய்தால் `$?` தருவது rsync-இன் எண்ணை அல்ல, tee-இன் எண்ணை. அது பெரும்பாலும் பூஜ்யமாகவே இருக்கும். டொங்காட் வராத இரவிலும் ‘திறக்கலாம்’ என்று செய்தி போகும். bash-இல் எழுதிய நிரலில், கீழே உள்ள முதல் வரியைச் சேர்த்தால் இது தீரும்:

```
set -o pipefail
rsync -a tongaat:/data/sales/ /srv/sales/tongaat/ 2>&1 | tee "$LOG"
rc=$?
```

இதைச் சோதிப்பது சுலபம். டொங்காட்டில் ஒரு கோப்பின் வாசிப்பு அனுமதியை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். நல்ல செய்தி வந்தால் எண் எங்கோ தொலைகிறது.

தடித்த எழுத்து வேண்டுமா? டெலிகிராமின் MarkdownV2 முறையில் புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி போன்றவற்றின் முன் பின்சாய்வுக் கோடு இல்லாவிட்டால் செய்தியே நிராகரிக்கப்படும். ‘திறக்கலாம்’ என்ற செய்தியில் இவை இருக்காது. பிழைச் செய்தியிலோ கோப்புப் பெயருக்கு ஒரு புள்ளி, எண்ணுக்கு ஓர் அடைப்புக்குறி என்று நிறைந்திருக்கும். மறுபடியும் கெட்ட இரவில்தான் உடைகிறது. வெறும் எழுத்தாகவே அனுப்புங்கள். குறுவரிகளுக்கு அலங்காரம் தேவைப்படாது.

தேதி வரியிலும் கவனம் வேண்டும். சர்வர் உலக நேரத்தில் ஓடினால், நம் இரவு 01:30 அதற்கு முந்தைய நாள் 23:30. செய்தியில் நேற்றைய தேதி விழும். பழைய செய்தி என்று அக்கா தள்ளிவிடுவார். `TZ=Africa/Johannesburg date` என்று அழைத்தால் போதும்.

எல்லாரும் வாட்ஸ்அப்பில்தானே இருக்கிறார்கள் என்று கேட்பது நியாயம். வணிகத்துக்கான அதன் அதிகாரப்பூர்வ வழியில், பெறுபவர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் கடந்துவிட்டால், முன்னதாக ஒப்புதல் பெற்ற வார்ப்புருவில் மட்டுமே அனுப்ப முடியும். அதில் நாம் நிரப்பும் இடங்களுக்குள் வரி முறிக்க அனுமதி இல்லை. ஐந்து வரியையும் ஒரே இடத்தில் திணிக்க முடியாது. வரிகளை வார்ப்புருவிலேயே அமைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு இடத்தை மட்டும் விட வேண்டும். குறுவரி வடிவம் இதற்குப் பொருந்துகிறது. மற்ற இரண்டும் வாசலிலேயே நின்றுவிடும்.

தோல்வி என்றால் மட்டும் செய்தி போதும் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. மின்வெட்டு மிக மோசமாக இருந்த 2023-ஐ இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் இல்லாத கணினியால் ‘நான் ஓடவில்லை’ என்று எழுத முடியாது. அதனால் தினமும் செய்தி போக வேண்டும். காலை ஆறு மணிக்குள் வரவில்லையென்றால், அதுவே ‘திறக்க வேண்டாம்’ என்று அக்காவிடம் சொல்லி வைக்க வேண்டும். நல்ல செய்திகள் `disable_notification=true` என்று ஒலி இல்லாமல் போகட்டும். கெட்டது மட்டும் ஒலிக்கட்டும். பதிவேட்டை எனக்குத் தனியே கோப்பாக அனுப்பிவிடுகிறேன். கிளைகள் பத்தாகப் பெருகினால் ‘வந்தவை’ வரியை நீக்கிவிட்டு வராதவற்றின் பெயரை மட்டும் எழுத வேண்டியிருக்கும்.