அட்டையில் டைரக்டர்ஸ் கட், உள்ளே தியேட்டர் பிரதி: டிவிடி வாங்குபவர்கள் கவனிக்க

போன மாதம் பழைய டிவிடி விற்கும் ஒருவரிடம் 1,400 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். அதே படத்தைத் தேடி வேறு யாரும் அவரிடமோ அவரைப் போன்றவர்களிடமோ போய் நிற்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படம் ரிட்லி ஸ்காட் இயக்கிய 'கிங்டம் ஆஃப் ஹெவன்'. 2005-இல் தியேட்டருக்கு வந்தபோது 144 நிமிடம். அடுத்த ஆண்டு டிவிடியில் வந்த டைரக்டர்ஸ் கட், அதாவது இயக்குநர் தன் விருப்பப்படி தொகுத்த பிரதி, தொடக்க இசையும் இடைவேளை இசையும் சேர்த்து 194 நிமிடம். இடையில் இருப்பது ஏறக்குறைய முக்கால் மணி நேரப் படம். அதில் ஒரு முழுக் கிளைக்கதையே இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் நான் இவ்வளவு நாள் தேடினேன்.

வந்த பெட்டியில் அட்டை சரியாக இருந்தது. டைரக்டர்ஸ் கட் என்று பெரிதாகவே போட்டிருந்தது. உள்ளே ஒரே ஒரு டிஸ்க். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். 2006-இல் வந்த நான்கு டிஸ்க் பெட்டியில் படம் மட்டுமே முதல் இரண்டு டிஸ்க்குகளில் பிரிந்திருக்கும். இடைவேளை வரும்போது டிஸ்க்கை மாற்ற வேண்டும். ஊரிலிருந்து அத்தான் வந்திருந்தார், படம் பார்க்கும் ஆவலில் நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை.

ஜெருசலேமின் தொழுநோய் மன்னன் நான்காம் பால்ட்வின் இறந்தார். அடுத்த காட்சிகளிலேயே அவருடைய சகோதரி சிபில்லா தன் கணவன் கீயின் தலையில் முடிசூட்டினாள். "இந்தப் பொண்ணு ஏன் இப்படி உடைஞ்சு போறா? முடியை வேற வெட்டிக்கிறா, ஒண்ணுமே புரியலையே" என்றார் அத்தான். அவர் கேட்டது நியாயம்தான். அந்தப் பிரதியில் அதற்குப் பதில் கிடையாது.

டைரக்டர்ஸ் கட்டில் சிபில்லாவுக்கு ஒரு சிறுவன் மகனாக இருக்கிறான். மாமன் இறந்ததும் அவன்தான் ஐந்தாம் பால்ட்வினாக முடிசூடுகிறான். உருகிய சூடான மெழுகு கையில் விழுந்தும் அவனுக்கு வலிக்கவில்லை. மாமனின் நோய் அவனுக்கும் வந்துவிட்டது என்று தாய்க்கு அந்த நொடியில் புரிகிறது. சகோதரன் முகமூடிக்குள் அழுகிப்போனதைப் பார்த்தவள் அவள். மகனும் அப்படி ஆவதைத் தாங்க முடியாமல் தன் கையாலேயே அவனுக்கு விஷம் கொடுக்கிறாள். முடியை வெட்டிக்கொள்வது இதற்குப் பிறகுதான். தியேட்டர் பிரதியில் மகன் என்ற பாத்திரமே கதையில் இல்லை. காரணம் போய்விட்டது, துக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கதாநாயகன் பேலியன் விஷயமும் இதே போலத்தான். கிராமத்துக் கொல்லன் ஒருவன் ஜெருசலேம் கோட்டையை எப்படித் திட்டமிட்டுக் காக்கிறான் என்ற கேள்வி தியேட்டர் பிரதி முழுவதும் உறுத்திக்கொண்டே இருக்கும். நீளமான பிரதியில் அவன் முன்பே போர் இயந்திரங்கள் செய்த அனுபவம் உள்ளவன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அவன் கொல்லும் பாதிரியார் அவனுடைய சகோதரன் என்பதும் அதில்தான் தெரியும்.

படம் முடிந்ததும் பிளேயரில் மொத்த நேரத்தைப் பார்த்தேன். 2 மணி 18 நிமிடம். உடனே விற்றவருக்குப் போன் செய்தேன்.

"சார், அது பால் டிஸ்க். பால்ல படம் வேகமா ஓடும், நேரம் குறைச்சலாத்தான் காட்டும். நீங்க பார்த்தது டைரக்டர்ஸ் கட்தான்" என்றார்.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுவார்கள், ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை. சினிமா நொடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. நம் நாட்டில் விற்கும் டிவிடிகள் பெரும்பாலும் PAL எனப்படும் பால் வீடியோ முறையில் இருப்பவை, அதில் நொடிக்கு 25 பிரேம். 24 பிரேம் படத்தை அப்படியே 25-இல் ஓட்டுவதால் படம் 4 சதவீதம் சீக்கிரம் முடிந்துவிடும். ஒரு காட்சிகூட வெட்டாமலேயே நேரம் குறையும்.

ஆனால் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாமே. 194-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தால் சுமார் 186 நிமிடம் வருகிறது. தொடக்க இசை, இடைவேளை இசை இரண்டையும் விட்டுவிட்டாலும் 180-ஐத் தாண்டும். என் டிஸ்க் 138 நிமிடம். அதைத் திருப்பிப் போட்டேன்: 138-ஐ 25-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்தால் 143 நிமிடம் 45 நொடி. தியேட்டர் பிரதியின் 144 நிமிடம் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது. இதைச் சொன்னதும் அவர், "அட்டையில என்ன போட்டிருக்கோ அதைத்தான் சார் நான் விக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். ப்ளூரேவில் படம் பெரும்பாலும் 24 பிரேமிலேயே ஓடும், அங்கே இந்தச் சாக்குக்கே இடமில்லை.

அதனால் பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் டிஸ்க்கைப் பிளேயரில் போட்டு மொத்த நேரம் தெரியும்படி ஒரு போட்டோ கேளுங்கள். அட்டையின் போட்டோ போதாது. படம் இரண்டு டிஸ்க்கில் இருந்தால் இரண்டின் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள்.

நேரத்தை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாத படங்களும் உண்டு. ரிட்லி ஸ்காட்டே இயக்கிய 'பிளேட் ரன்னர்' படத்தின் 1982 பிரதி, 1992 டைரக்டர்ஸ் கட், 2007 பைனல் கட் மூன்றும் ஏறக்குறைய 117 நிமிடம்தான். அங்கே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ஹாரிசன் ஃபோர்டு தெருக்கடையில் சாப்பிடக் காத்திருக்கும் முதல் காட்சியில் அவருடைய குரல் பின்னணியில் கதை சொன்னால் அது பழைய தியேட்டர் பிரதி. மற்ற இரண்டிலும் அந்தக் குரல் கிடையாது. கடைசியில் பச்சை மலைகளுக்கு நடுவே கார் போகும் மகிழ்ச்சியான முடிவும் கிடையாது. 1992 பிரதி ஸ்காட்டின் குறிப்புகளை வைத்து மற்றவர்கள் தயாரித்தது. 2007 பிரதிதான் முழுக்க அவர் கையில் இருந்தது. ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் அதை வாங்குங்கள்.

இன்னொரு விதமான ஏமாற்றமும் இருக்கிறது, இதில் டிஸ்க் மாறியிருக்காது, பெயர்தான் ஆளைக் குழப்பும். ஸ்காட் இயக்கிய 'ஏலியன்' படத்துக்கு 2003-இல் டைரக்டர்ஸ் கட் என்று ஒன்று வந்தது. தனக்குப் பிடித்தது 1979 பிரதிதான் என்று அதே ஸ்காட் சொல்லியிருக்கிறார். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எக்ஸ்டெண்டட் பிரதிகளும் கதையை மீட்டெடுக்க வந்தவை அல்ல, அந்த உலகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் இருக்க விரும்பும் ரசிகர்களுக்காகச் செய்தவை. முதல் பாகம் தியேட்டரில் 178 நிமிடம், எக்ஸ்டெண்டட் 208. முதல் தடவை பார்ப்பவருக்கு நான் தியேட்டர் பிரதியைத்தான் கொடுப்பேன். மூன்றாம் பாகத்தில் மட்டும் கொஞ்சம் தயங்குவேன், ஏனென்றால் வில்லன் மந்திரவாதி சாருமான் எப்படிச் செத்தான் என்பது எக்ஸ்டெண்டட் பிரதியில்தான் இருக்கிறது.

'கிங்டம் ஆஃப் ஹெவன்' அப்படி இல்லை, அதில் தியேட்டர் பிரதியைப் பார்த்தவர் பாதிக் கதையைத்தான் பார்த்திருக்கிறார். 1,400 ரூபாய் திரும்பி வரவில்லை. இரண்டு வாரம் கழித்து வேறொருவரிடம் நான்கு டிஸ்க் பெட்டி கிடைத்தது. முதல் இரண்டு டிஸ்க்குகளின் நேரத்தைப் போட்டோவில் பார்த்துக் கூட்டிய பிறகுதான் பணம் அனுப்பினேன். அத்தானை மறுபடி கூப்பிட்டு உட்கார வைத்தேன். மெழுகு அந்தப் பையன் கையில் சொட்டியபோது, "ஓ, இதுக்குத்தானா" என்றார்.