விலைக் குறைப்பா, வறுத்த தேதியா?

சேலம் ஐந்து ரோடு பக்கம் புதிதாகக் காபித்தூள் கடை போடுகிறவருக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பக்கத்துக் கடையைவிடக் கிலோவுக்கு 40 ரூபாய் குறைத்து விற்பது. இன்னொன்று, ஏற்காட்டில் விளையும் அரபிகா காபிக்கொட்டையை வாரம் இரண்டு முறை வறுத்து, வறுத்த தேதியைப் பாக்கெட்டில் போட்டு, கொஞ்சம் கூடுதல் விலைக்கு விற்பது.

முதல் வழியில் கூட்டம் உடனே வரும். ஆனால் அந்த 40 ரூபாய் எங்கிருந்து வரும்? பச்சைக் கொட்டையை வறுக்கும்போது 15 முதல் 20 சதவீதம் எடை போய்விடும். அது எல்லாக் கடைக்கும் பொது. ஆக, சொந்த லாபத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் சிக்கரியைக் கூட்ட வேண்டும். சிக்கரிக்குச் சட்டப்படி 49 சதவீதம்தான் வரம்பு, அளவையும் பாக்கெட்டில் எழுதியாக வேண்டும். பழைய கடைக்காரரோ நாளைக் காலையே விலையைக் குறைத்துவிடலாம்.

தேதியை அவர் அவ்வளவு சுலபமாகப் போட முடியாது. மொத்தமாக வறுத்து வைத்திருப்பவர் தேதி போட்டால் பழைய சரக்கு வெளியே தெரிந்துவிடும். அரைத்த தூளின் மணம் சில வாரங்களில் இறங்கிவிடும் என்பது வீட்டில் ஃபில்டர் போடுகிறவருக்குத் தெரியும். அவர்தான் இந்தக் கடைக்கான ஆள். டீக்கடைக்காரர் இல்லை. டீக்கடைக்காரருக்குக் கெட்டி டிகாக்‌ஷன் வேண்டும், அது சிக்கரி கலந்தால்தான் மலிவாகக் கிடைக்கும்.

நான் தேதியைத்தான் தேர்ந்தெடுப்பேன், ஒரு நிபந்தனையோடு. முதல் மாதம் 100 கிராம் பாக்கெட்டாக விற்றுப் பார்க்க வேண்டும். தூள் தீர்ந்ததும் ஆட்கள் திரும்பி வந்தால் சரி. பாராட்டிவிட்டு வராமல் போனால், தேதி அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை என்று அர்த்தம்.