கோதுமை மாப் பசை, கம், க்ளூ ஸ்டிக்: கொழும்பில் பல வருடம் பாவித்துப் பார்த்ததில்

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடலுக்குக் கிட்ட. பிள்ளைகளின் பாடசாலை வேலைகளுக்கு மூன்று பசையையும் பல வருடமாகப் பாவிக்கிறேன். இங்கே காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். அதனால் ஒரு பசை காகிதத்துக்குள் எவ்வளவு தண்ணீரை விடுகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

க்ளூ ஸ்டிக்கில் தண்ணீர் குறைவு. பிரிஸ்டல் போர்டில் படம் ஒட்டினால் காகிதம் சுருங்காது, மை கசியாது. ஆனால் மடித்துச் செய்த பெட்டி போல காகிதம் விறைத்து இழுக்கும் இடத்தில் நிற்காது. மழைக்காலத்தில் ஓரங்கள் எழும்பிவிடும்.

போத்தலில் வரும் கம் தடித்த அட்டையின் மடிப்புகளுக்கு நல்லது. மெல்லிய காகிதத்தில் பூசினால் அலை அலையாக நெளியும்.

காகிதக்கூழ் உருவங்களுக்கு என் தெரிவு மாப் பசைதான். பலூன் மேல் பூகோள உருண்டை செய்வதென்றால், அரைக் கோப்பை கோதுமை மாவை அரைக் கோப்பை பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் இரண்டு கோப்பை தண்ணீரில் ஊற்றி, சிறு நெருப்பில் கிளறுவேன். வெள்ளை நிறம் மங்கி, கண்ணாடி போலக் கொஞ்சம் ஒளி ஊடுருவத் தொடங்கும்போது இறக்கலாம். சூட்டில் மாச்சத்து பொங்கி விரிவதால்தான் இந்தப் பிடி வருகிறது. காய்ச்சாமல் வெறுமனே கரைத்த மாவில் இவ்வளவு பிடி வராது.

பத்திரிகையை வெட்டாமல் கிழிக்க வேண்டும். கிழிந்த ஓரம் அடுத்த துண்டோடு கலந்துவிடும். பசையில் தோய்த்த துண்டை இரு விரலுக்கிடையில் இழுத்து, மிச்சப் பசையை வழித்துவிடுங்கள். இரண்டு அடுக்கு போட்டதும் நிறுத்தி, மின்விசிறிக்குக் கீழே காய வையுங்கள். வெயிலில் வைத்தால் பலூனுக்குள் காற்று விரிந்து ஈரக் காகிதம் பிளக்கும்.

புறங்கையை வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. தட்டினாலும் மந்தமான சத்தம்தான் வரும். அந்த நிலையில் அடுத்த அடுக்கைப் போட்டால் பிறகு சாம்பல் புள்ளிகளும் புளித்த மணமும் வரும். பூஞ்சணம் அது. அப்புறம் பெயின்ட் அடித்தும் பயனில்லை. பசையில் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டால் பூஞ்சணம் கொஞ்சம் தாமதிக்கும், அவ்வளவுதான். சிலர் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் தொடும் வேலைக்கு வேண்டாம்.

பலூனை எடுத்த துவாரத்தை உடனே மூடாதீர்கள், உட்புறமும் காயட்டும். முழுக்கக் காய்ந்த பிறகு பெயின்டும் வார்னிஷும் பூசுங்கள். வெறுமனே விட்டால் மாவுக்காகக் கரப்பான் அரிக்கும். மிஞ்சிய பசையை மூடி, குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைக்கலாம். தண்ணீர் பிரிந்தாலோ புளித்தாலோ கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுங்கள்.