இரவு டேட்டாவுக்கு வெகெட்டா, டோரண்டா?

இரவு 12 முதல் காலை 6 வரை டேட்டா கணக்கில் சேராது என்று வைத்துக்கொள்வோம். 14 ஜிபி கோப்பு, நொடிக்கு 1 எம்பி வேகம் என்றால் சுமார் நான்கு மணி நேரம் போதும். சிக்கல் தொடங்குவதில் இல்லை, சரியான நேரத்தில் நிறுத்துவதில்தான்.

லினக்ஸில், குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கிரான் வழியாக, கோப்பை இறக்கும் கட்டளையான வெகெட்டை ஓட்டினால் நிறுத்தம் உறுதி:

```
10 0 * * * timeout 340m wget -c -P "$HOME/dl" -i "$HOME/list.txt"
```

12:10-க்குத் தொடங்கி 5:50-க்கு நின்றுவிடும். இரு பக்கமும் விட்ட பத்து நிமிடம், டேட்டா தரும் நிறுவனத்தின் கடிகாரமும் உங்களுடையதும் ஒத்துப்போகாத நாளுக்காக. மிச்சத்தை மறுநாள் `-c` தொடரும். ஆனால் சர்வர் கோப்பை இடையிலிருந்து தர வேண்டும். `curl -I` பதிலில் `Accept-Ranges: bytes` வந்தால் நம்பலாம். கணினி உறங்கினால் கிரானும் உறங்கும், அந்த இரவு வீண்.

டோரண்ட் செயலியான க்யூபிட்டோரண்டில் மாற்று வேக வரம்புக்கு நேர அட்டவணை உண்டு. பகல் நேரத்தைக் கொடுத்து வரம்பை 0 என்று போட்டால் நின்றுவிடும் எனப் பலர் நினைக்கிறார்கள். அங்கே 0 என்றால் வரம்பே இல்லை! நொடிக்கு 1 கேபி என்று வைத்தாலும் 18 மணி நேரத்தில் இறக்கத்துக்கு 60 எம்பிக்கு மேல் கசியும், ஏற்றத்துக்கும் அவ்வளவே. துண்டு துண்டாகச் சரிபார்த்துத் தொடர்வதில் டோரண்ட்தான் உறுதியானது. ஆனாலும் பகல் டேட்டா சொற்பமாக இருந்தால் என் தேர்வு வெகெட்.