எந்தப் பிரிவு நஷ்டம்? வாடகையை எப்படிப் பங்கு வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது

ஒரே கூரையின் கீழ் ஜவுளி, எலக்ட்ரானிக்ஸ், ஃபர்னிச்சர் என்று மூன்று பிரிவுகள் உள்ள ஒரு பெரிய கடையை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக வரும்படி எண்களை நானே அமைத்திருக்கிறேன். மாத விற்பனை ஜவுளியில் 20 லட்சம், எலக்ட்ரானிக்ஸில் 24 லட்சம், ஃபர்னிச்சரில் 6 லட்சம். சரக்கின் கொள்முதல் விலையையும் அந்தந்தப் பிரிவுக்கென்றே இருக்கும் விற்பனையாளர்களின் சம்பளத்தையும் கழித்தால் ஜவுளியில் 4.40 லட்சமும், எலக்ட்ரானிக்ஸில் 2.18 லட்சமும், ஃபர்னிச்சரில் 1.70 லட்சமும் மிஞ்சுகின்றன. இதுவரை யாருக்கும் தகராறு இல்லை.

தகராறு பொதுச் செலவில்தான் ஆரம்பிக்கிறது. வாடகை 3 லட்சம், மின்கட்டணம் 1 லட்சம், கேஷியர்களுக்கும் கிடங்கு ஆட்களுக்கும் 1.50 லட்சம், ஆக மொத்தம் 5.50 லட்சம். எப்படிப் பிரித்தாலும் கடையின் லாபம் 2.78 லட்சம்தான். ஆனால் எந்தப் பிரிவு லாபம், எந்தப் பிரிவு நஷ்டம் என்பது பிரிக்கும் முறைக்கு முறை மாறிவிடும்.

விற்பனை விகிதம்

பலரும் முதலில் கை வைப்பது இதில்தான். விற்பனை எண் பில்லிங் கணினியிலேயே இருக்கிறது, அளக்க வேண்டியது எதுவும் இல்லை. 40 : 48 : 12 என்று மொத்தப் பொதுச் செலவையும் பிரித்தால் ஜவுளிக்கு 2.20, எலக்ட்ரானிக்ஸுக்கு 2.64, ஃபர்னிச்சருக்கு 0.66 லட்சம் விழுகிறது. எலக்ட்ரானிக்ஸ் 46 ஆயிரம் நஷ்டம் என்று அறிக்கை வரும்.

அந்தப் பிரிவின் மேலாளர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. கடையின் 10,000 சதுர அடியில் அவரிடம் இருப்பது 2,000தான். தலா 4,000 அடி ஜவுளியிடமும் ஃபர்னிச்சரிடமும் இருக்கிறது. அவர் சரக்கின் விலை அதிகம், மார்ஜின் குறைவு. விலை உயர்ந்த பொருளை விற்றதற்காகவே அடுத்தவர் இடத்துக்கும் வாடகை கட்டுகிறார்.

இதைவிட மோசமான கோளாறு ஒன்று உண்டு. அடுத்த மாதம் ஜவுளி விற்பனை மட்டும் 30 லட்சமாக ஏறுகிறது, மற்றவை அப்படியே நிற்கின்றன என்று வையுங்கள். எலக்ட்ரானிக்ஸின் பங்கு 48 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறையும், அதன் சுமை 2.64 லட்சத்திலிருந்து 2.20 ஆகும். துரும்பைக்கூட அசைக்காமல் அந்தப் பிரிவின் நஷ்டம் 46 ஆயிரத்திலிருந்து 2 ஆயிரமாகிவிடும். ஒரு பிரிவின் விற்பனை அசையாமல் இருக்கும்போது அதன் லாபம் மட்டும் ஆடினால், இந்த முறையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

விற்பனையோடு சேர்ந்தே ஏறி இறங்கும் செலவுகளுக்கு, உதாரணமாக விற்பனைக் கமிஷனுக்கு, இந்த விகிதம் பொருந்தும். வாடகை அப்படிப்பட்டதல்ல.

ஒவ்வொரு செலவுக்கும் அதற்குரிய அளவுகோல்

வாடகைக்குப் பரப்பளவு, மின்சாரத்துக்குத் தனி மீட்டர், ஆட்களுக்கு அவர்கள் செய்யும் வேலை. பாடப்புத்தகத்தில் வரும் முறையும் ஏறக்குறைய இதுதான்.

வாடகை 1.20, 0.60, 1.20 லட்சம் என்று பிரிகிறது. மின்சாரத்தையும் பரப்பளவிலேயே பிரித்தால் தப்பாகிவிடும். காட்சிக்கு வைத்த டிவிகள் நாள் முழுக்க ஓடும், ஃபர்னிச்சர் தளத்தில் சில விளக்குகள்தான். பிரிவு மீட்டர் காட்டியது 35, 50, 15 ஆயிரம். மீட்டர் இல்லாத இடத்தில் ஒவ்வொரு பிரிவின் சாதனங்களின் வாட்டையும் அவை எரியும் மணி நேரத்தையும் பெருக்கி விகிதம் எடுக்கலாம். விளக்குப் புள்ளிகளை மட்டும் எண்ணுவது பழைய வழக்கம். ஏசியும் டிவிச் சுவரும் உள்ள கடைக்கு அது எடுபடாது. இன்னொன்று: பிரிவு மீட்டர்களின் கூட்டுத்தொகை பிரதான மீட்டரைவிடக் குறைவாகவே வரும். லிஃப்ட், படிக்கட்டு, பார்க்கிங் விளக்கு எல்லாம் அந்த வித்தியாசத்தில் ஒளிந்திருக்கும். இந்த உதாரணத்தில் அதையும் மீட்டர் விகிதத்திலேயே சேர்த்துவிட்டேன்.

ஆட்கள் செலவை இரண்டாக உடைக்க வேண்டும். கேஷியர்களுக்கான 80 ஆயிரத்தைப் பில் எண்ணிக்கையில் பிரிக்கலாம். ஒரு சோபாவுக்கும் ஒரே பில்தான், ஒரு கைக்குட்டைக்கும் ஒரே பில்தான். பில்களில் 70 சதவீதம் ஜவுளி, 25 எலக்ட்ரானிக்ஸ், 5 ஃபர்னிச்சர். ஆனால் கிடங்கு ஆட்களுக்கான 70 ஆயிரத்தில் பாதி நேரம் ஃபர்னிச்சர் தூக்குவதிலேயே போகிறது. எலக்ட்ரானிக்ஸுக்கு 30 சதவீதம், ஜவுளிக்கு 20. ஒரு வாரம் நோட்டுப் போட்டு யார் எவ்வளவு நேரம் எங்கே நின்றார்கள் என்று குறித்தாலே இந்த விகிதம் கிடைத்துவிடும்.

இப்போது ஜவுளியின் சுமை 2.25, எலக்ட்ரானிக்ஸின் சுமை 1.51, ஃபர்னிச்சரின் சுமை 1.74 லட்சம். எலக்ட்ரானிக்ஸ் 67 ஆயிரம் லாபத்துக்கு வந்துவிட்டது. ஃபர்னிச்சர் 4 ஆயிரம் நஷ்டம்!

எடை போட்ட பரப்பளவு

ஃபர்னிச்சர் மேலாளர் சும்மா இருப்பாரா? அவர் பிரிவு மேல்தளத்தின் கடைசியில் இருக்கிறது. வாசலை ஒட்டிய அடியும் அங்குள்ள அடியும் ஒரே மதிப்பா என்று கேட்பார். சரியான கேள்வி. வாசல் பக்கத்து எலக்ட்ரானிக்ஸுக்கு 3, நடுவிலுள்ள ஜவுளிக்கு 2, மேல்தளத்துக்கு 1 என்று எடை கொடுத்தால் வாடகை ஜவுளிக்கு 1.33, எலக்ட்ரானிக்ஸுக்கு 1.00, ஃபர்னிச்சருக்கு 0.67 லட்சம் ஆகும். மற்றச் செலவுகளில் மாற்றமில்லை.

| லாபம் (லட்சத்தில்) | ஜவுளி | எலக்ட்ரானிக்ஸ் | ஃபர்னிச்சர் |
|---|---|---|---|
| விற்பனை விகிதம் | 2.20 | −0.46 | 1.04 |
| தனித்தனி அளவுகோல் | 2.15 | 0.67 | −0.04 |
| எடை போட்ட பரப்பளவு | 2.02 | 0.27 | 0.49 |

என் ஓட்டு மூன்றாவதற்கு. ஆனால் அதன் பலவீனம் அந்த 3, 2, 1 தான். அதை யார் முடிவு செய்தார்கள்? அக்கம்பக்கக் கட்டடங்களில் தரைத்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் கேட்கும் வாடகை வித்தியாசத்தைப் பார்த்து எடை வைத்தால் வாதம் நிற்கும். மேலாளர்கள் கூட்டத்தில் பேரம் பேசி வைத்தால் அடுத்த வருடமும் பேரம் பேச வருவார்கள்.

பிரிக்காமலே விடுவது

நான்காவது வழி, 5.50 லட்சத்தை யார் தலையிலும் கட்டாமல், முதலில் பார்த்த 4.40, 2.18, 1.70 லட்சங்களையே பிரிவின் பங்களிப்பு என்று காட்டிவிட்டு, பொதுச் செலவைக் கடையின் பொது லாப நட்டக் கணக்கில் ஒரே தொகையாகக் கழிப்பது. கடன் வட்டி, வருமான வரி போன்றவற்றுக்கு எப்படியும் அங்கேதான் இடம்.

ஒரு பிரிவை மூடலாமா என்ற கேள்விக்கு இந்த எண் மட்டும்தான் பதில் சொல்லும். இரண்டாவது முறையின் 4 ஆயிரம் நஷ்டத்தைப் பார்த்து ஃபர்னிச்சரை மூடினால் 1.70 லட்சம் கையை விட்டுப் போகும். மிச்சமாவது மின்சாரத்தில் 15 ஆயிரம், கிடங்கில் ஒரு ஆளைக் குறைத்தால் அந்தச் சம்பளம், அவ்வளவுதான். கட்டட உரிமையாளர் அதே 3 லட்சத்தைத்தான் கேட்பார். ஆளைக் குறைக்காவிட்டால் கடையின் லாபம் 2.78 லட்சத்திலிருந்து சுமார் 1.23 லட்சத்துக்கு இறங்கும்.

ஆனாலும் இந்த எண்ணை அப்படியே விட்டால் ஃபர்னிச்சர் 4,000 அடியை இலவசமாக ஆண்டுகொண்டிருப்பது தெரியாது. அதனால் பங்களிப்பைப் பரப்பளவால் வகுத்துப் பார்க்கிறேன். ஓர் அடிக்கு ஜவுளி 110, எலக்ட்ரானிக்ஸ் 109, ஃபர்னிச்சர் 42.50. விற்பனை விகிதம் நஷ்டக்காரர் என்று காட்டிய எலக்ட்ரானிக்ஸ், அடிக்கு அடி ஜவுளிக்குச் சமமாக நிற்கிறது. மேல்தளத்தில் 1,000 அடியை ஜவுளிக்குக் கொடுத்தால் அங்கேயும் அடிக்கு 110 வருமா என்பது வேறு கேள்வி. மேலே ஏறி வந்து துணி பார்ப்பவர்கள் குறைவு. பாதி வந்தாலும் 55, இப்போதைய 42.50ஐவிட அதிகம். நான் அந்தக் கடையில் இருந்தால் மூன்று மாதம் அதைச் சோதித்துப் பார்ப்பேன்.