அண்ணன் மகனுக்கு அனுப்பிய கத்தி வேறொருவன் கைக்குப் போன கதை: ஸ்டீமில் பொருள் மாற்றிக்கொள்ளும் நம் பிள்ளைகள் கவனத்துக்கு

டர்பனில் ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் சிறுவர்களுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வகுப்புக்கு வரும் பையன்களில் பாதிப் பேர் ஸ்டீம் என்ற விளையாட்டுத் தளத்தில் கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி விளையாட்டை ஆடுகிறார்கள். நானும் பல வருடங்களாக ஆடுகிறேன். சென்ற தீபாவளி சமயத்தில் எனக்கு நேர்ந்ததை அவர்களுக்காகவும் அவர்கள் பெற்றோருக்காகவும் எழுதுகிறேன்.

நான் இழந்தது அந்த விளையாட்டுக்குள் பயன்படும் ஒரு ஹன்ட்ஸ்மேன் கத்தியும், துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் நான்கு ஸ்கின்களும். 2021இல் கூடுதல் நேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கியவை. மொத்தம் ஏறக்குறைய 4,000 ரேண்ட். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் அண்ணன் மகன் அந்தக் கத்தி என் கையில் சுழல்வதை ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆசையாகப் பார்ப்பான். மெட்ரிக் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். தீபாவளிக்கு அவனுக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அதற்கு நான்கு நாள் முன்பு டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் எனக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. “எங்கள் அணி போட்டியில் இருக்கிறது, ஓர் ஓட்டுப் போடுங்கள்” என்று ஒரு இணைப்பு. அவருடைய கணக்கே அதற்கு முன்னால் பறிபோயிருந்தது என்பது எனக்குத் தெரியாது. இணைப்பைத் திறந்தேன். அணிகளின் படங்கள், ஓட்டு எண்ணிக்கை எல்லாம் இருந்தன. ஓட்டுப் போட ஸ்டீம் கணக்கில் நுழையச் சொன்னது. சின்ன ஜன்னல் ஒன்று திறந்தது. அதன் முகவரிப் பட்டையில் steamcommunity.com என்று சரியாகவே இருந்தது, பூட்டுச் சின்னமும் இருந்தது. கடவுச்சொல்லையும் கைப்பேசியில் வந்த குறியீட்டையும் கொடுத்தேன்.

அந்த ஜன்னல் ஜன்னலே அல்ல. அந்தப் பக்கத்துக்குள் வரைந்து வைத்த படம். முகவரிப் பட்டையும் பூட்டும் சேர்த்தே வரைந்தவை. பிறகு அதே பக்கத்தைத் திறந்து சோதித்துப் பார்த்தேன். உண்மையான ஜன்னல் என்றால் அதன் தலைப்பைப் பிடித்து இழுத்து உலாவிக்கு வெளியே கொண்டுபோக முடியும். இது உலாவியின் விளிம்பு வரை வந்து அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது. இன்னொரு அடையாளமும் இருந்தது. நான் அதே உலாவியில் ஏற்கெனவே ஸ்டீமுக்குள் நுழைந்திருந்தேன். அப்படி இருக்கும்போது உண்மையான ஸ்டீம் பக்கம் கடவுச்சொல்லை மறுபடி கேட்காது. உங்கள் பெயரையும் படத்தையும் காட்டி, உள்ளே போகலாமா என்று மட்டும் கேட்கும். கேட்கக்கூடாத இடத்தில் கேட்டார்கள், நான் கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு மூன்று நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. பொருள் எதுவும் காணாமல் போகவில்லை, கடவுச்சொல் மாறவில்லை. அவர்கள் உள்ளே உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஏனென்றால் பொருள் வெளியே போக வேண்டுமானால் என் கைப்பேசியில் நான் உறுதி செய்ய வேண்டும். அந்த ஒன்று மட்டும் அவர்களிடம் இல்லை. நானாக எதையாவது அனுப்பும் நேரத்துக்காக அவர்களுடைய நிரல் பார்த்துக்கொண்டிருந்தது.

தீபாவளிக்கு முந்தைய நாள் அண்ணன் மகனுக்கு ஐந்து பொருள்களையும் அனுப்பினேன். கைப்பேசியை எடுத்து, உறுதி செய்யும் பக்கத்தைத் திறந்தேன். அவன் பெயர், அவன் படம், என் ஐந்து பொருள்கள். அழுத்தினேன். முடிந்தது.

நான் கைப்பேசியை எடுப்பதற்குள் அந்த நிரல் என்ன செய்தது என்பதை என் வர்த்தக வரலாற்றில் பின்னர் பார்த்தேன். அண்ணன் மகனுக்கு நான் அனுப்பியது ரத்தாகியிருந்தது. அதே நிமிடத்தில் அதே ஐந்து பொருள்களும் இன்னொரு கணக்குக்கு அனுப்பப்பட்டிருந்தன. அந்தக் கணக்குக்கு அண்ணன் மகனின் பெயரையும் படத்தையும் அப்படியே வைத்திருந்தார்கள். ஸ்டீமில் பெயரையும் படத்தையும் யாரும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்ற முடியாதவை கணக்கு தொடங்கிய நாளும் கணக்கின் எண்ணும். கணக்கு வளர வளர ஏறும் நிலை எண்ணையும் நினைத்தவுடன் ஏற்றிவிட முடியாது. அண்ணன் மகனின் கணக்கு எட்டு வருடப் பழையது, நிலை 31. பொருள்களை வாங்கிய கணக்கின் நிலை 2. உறுதி செய்யும்போது விவரத்தைத் திறந்து அந்த ஓர் எண்ணைப் பார்த்திருந்தால் கத்தி இன்றும் என்னிடம் இருந்திருக்கும்.

அதைவிடக் கொடுமை அடுத்து நடந்தது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2 பொருள்களுக்கு 2025 ஜூலையில் ஒரு பாதுகாப்பு வந்தது. வர்த்தகத்தில் போன பொருள் ஏழு நாட்களுக்கு வாங்கியவர் கணக்கிலேயே கட்டுண்டு கிடக்கும். அவர் அதை விற்கவோ வேறு யாருக்கும் அனுப்பவோ முடியாது. அந்த ஏழு நாட்களுக்குள் அனுப்பியவர் தன் வர்த்தக வரலாற்றுக்குப் போய் வர்த்தகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். ஏழு நாள் பாதுகாப்பில் இருக்கும் எல்லா வர்த்தகங்களும் சேர்ந்தே திரும்பும், ஒன்றை மட்டும் பொறுக்கி எடுக்க முடியாது. அதன் பிறகு 30 நாட்களுக்கு வர்த்தகமும் சந்தையும் கிடையாது. அவ்வளவுதான் விலை.

எனக்கு அந்த வாய்ப்பு இருந்தது. ஆனால் பையனுக்குத் தேர்வு. ஆடக்கூடாது என்று அண்ணி கணினியைப் பூட்டி வைத்திருந்தார். பரிசு போய்ச் சேர்ந்துவிட்டது என்று நானும் கேட்காமல் இருந்தேன். பத்தாவது நாள் அவன் அழைத்தான். “சித்தப்பா, தீபாவளிக்கு ஏதோ அனுப்புவதாகச் சொன்னீர்களே, தேர்வு முடிந்ததும் தருவீர்களா?” என்றான். எனக்கு வயிற்றைப் புரட்டியது. ஏழு நாள் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

ஆகவே யாருக்காவது ஏதாவது அனுப்பினால், அன்றே அவரை அழைத்து வந்துசேர்ந்ததா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இனி புகார் பற்றி. கோபத்தில் நான் முதலில் செய்யப்போனது பெரிய தவறு. பெயரை வைத்துத் தேடினேன். வந்த முதல் கணக்கின் பக்கத்தில் மூன்று புள்ளி மெனுவைத் திறந்து, ஏமாற்றினான் என்று எழுதத் தொடங்கிவிட்டேன். அது என் அண்ணன் மகனின் உண்மையான கணக்கு. நல்ல வேளையாக நிலை 31 என்பது கண்ணில் பட்டது. இந்த மோசடியில் பெயரும் படமும் அப்பாவி ஒருவருடையவை என்பதால், பெயரை வைத்துப் புகார் கொடுத்தால் அது அந்த அப்பாவி தலையில்தான் விழும்.

வர்த்தக வரலாற்றிலிருந்துதான் போக வேண்டும். அங்கே அந்த வர்த்தகத்தில் இருக்கும் பெயரை அழுத்தினால் பொருளை வாங்கிய கணக்கே திறக்கும். அதற்குள் திருடன் பெயரை மாற்றியிருந்தான், படம் வேறு, பக்கத்தின் முகவரியும் வேறு. அதனால் கணக்கின் 17 இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அது மாறாது. பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் இப்படிச் சேர்த்தால் எண் தெரியும்:

```
?xml=1
```

வரும் எழுத்துக் குவியலில் steamID64 என்ற இடத்தில் 7656119 என்று தொடங்கும் எண்தான் அது.

ஆனால் புகாருக்கு முன்னால் வீட்டைப் பூட்ட வேண்டும். நான் steamcommunity.com/dev/apikey பக்கத்தைத் திறந்தபோது, நான் ஒருநாளும் கேட்காத சாவி ஒன்று என் பெயரில் பதிவாகியிருந்தது. டொமைன் என்ற இடத்தில் பொருளற்ற ஒரு சொல். நிரல் தயாரிப்பவர்களுக்கு மட்டும் தேவைப்படும் அந்தச் சாவியை வைத்துத்தான் என் வர்த்தகங்களை அவர்கள் கண்காணித்தார்கள். அதை ரத்து செய்தேன். எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றினேன், கடவுச்சொல்லை மாற்றினேன், பிறர் எனக்கு வர்த்தகம் அனுப்பப் பயன்படும் இணைப்பைப் புதிதாக எடுத்தேன். கடவுச்சொல்லை மட்டும் மாற்றி நிறுத்திவிடாதீர்கள். சாவி இருக்கிறதா என்று தனியாகப் போய்ப் பாருங்கள்.

பிறகு அந்தக் கணக்கின் பக்கத்திலிருந்து புகார் கொடுத்தேன். முதலில் எழுதியதில் பாதி என் மனவேதனை. அதை அழித்துவிட்டு, விசாரிப்பவர் தம் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடியதை மட்டும் வைத்தேன். எந்த நாள், எத்தனை மணி, அது தென்னாப்பிரிக்க நேரம், அதாவது உலக நேரத்துக்கு இரண்டு மணி முன்னால். முதல் வர்த்தகம் ரத்தானது, அதே நிமிடத்தில் இரண்டாவது உருவானது. ஐந்து பொருள்களின் பெயர். யாருடைய பெயரையும் படத்தையும் நகல் எடுத்தார்கள், அவருடைய உண்மையான 17 இலக்க எண் எது. எந்த இணையப் பக்கத்தில் என் கடவுச்சொல் போனது. அண்ணன் மகனும் தன்னைப் போல் வேடமிட்டதாகத் தனியாக ஒரு புகார் கொடுத்தான். அவனுடைய நண்பர்கள் இருபது பேர் சேர்ந்து புகார் கொடுக்கிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். எதையும் நேரில் பார்க்காத இருபது பேரின் கூச்சல் விசாரணைக்கு ஒன்றும் சேர்க்காது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். புகார் கொடுத்தால் பொருள் திரும்பி வராது. மோசடியில் வெளியேறிய பொருளைத் திரும்ப உண்டாக்கித் தருவதில்லை என்பது ஸ்டீமின் விதி. திருடப்பட்டது பலமுறை கைமாறியிருக்கும். புதிதாக ஒன்றைப் படைத்துக் கொடுத்தால் எண்ணிக்கை கூடி, அதே பொருளை வைத்திருக்கும் மற்றவர்களின் பொருள் மதிப்பு குறையும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். எனக்குக் கசந்தாலும் அதில் நியாயம் இருக்கிறது. புகாரின் பயன், அந்தக் கணக்கு அடுத்தவரை ஏமாற்றாமல் தடுப்பது. விசாரணையின் விவரத்தை எனக்கு எழுதி அனுப்பவில்லை. மூன்றாவது வாரம் அந்தப் பக்கத்தைத் திறந்தபோது, வர்த்தகத் தடை விதிக்கப்பட்டிருப்பதாகக் குறிப்பு இருந்தது.

இடையில் ஒருவன் டிஸ்கார்டில் வந்தான். தான் ஸ்டீம் ஊழியன் என்றும், கத்தியை மீட்டுத் தர மீதிப் பொருள்களைச் சரிபார்ப்புக்காக ஒரு கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்றும் சொன்னான். ஸ்டீம் உதவிக்குழு உங்களோடு பேசுவது help.steampowered.com வழியாக மட்டும்தான். அரட்டையில் வருகிறவன் இரண்டாவது திருடன். அவனையும் தடுத்துவிட்டேன்.

காவல் நிலையத்திலும் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு சைபர் குற்றச் சட்டத்தில் இணையவழி மோசடி குற்றம். ஸ்டீம் சந்தையில் ரேண்டில் வாங்கிய பதிவுகளை அச்சிட்டு எடுத்துப் போனதால், விளையாட்டுப் பொருளுக்கும் பணமதிப்பு உண்டு என்பதை விளக்க எளிதாக இருந்தது. வழக்கு எண் கிடைத்திருக்கிறது.

சென்ற சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பையன்களைக் கைப்பேசியில் அந்தச் சாவிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். ஒன்பது பேரில் எட்டுப் பேருக்குச் சாவி எதுவும் இல்லை. பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனுக்கு இருந்தது. டொமைன் இடத்தில் என்னுடையதைப் போலவே பொருளற்ற ஒரு சொல். “ஐயா, நான் இதைப் போடவில்லை” என்றான், குரல் உடைந்துவிட்டது. அவன் அப்பா வரும்வரை இருவரும் உட்கார்ந்து, சாவியை ரத்து செய்து, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, கடவுச்சொல்லை மாற்றினோம். அவன் பொருள்கள் எதுவும் இன்னும் போகவில்லை.