கண்ணுக்கு 60 எழுத்து, போனுக்கு 119: ஏற்காட்டு அத்தையும் ஒரு எஸ்எம்எஸ்ஸும்

ஏற்காடு டவுனில் நின்றால் வீடியோ காலே போகிறது. நாகலூர் தாண்டிப் பள்ளத்தில் இறங்கினால் கதை வேறு. என் அத்தை வீடு அந்தப் பக்கம். காபிச் செடிக்கும் சில்வர் ஓக் மரத்துக்கும் நடுவில் ஓட்டு வீடு. வாசலில் ஒரு கோடு சிக்னல் வரும், திண்ணைக்கு வந்தால் அதுவும் இருக்காது. போன் பேசினால் பாதி வார்த்தை காணாமல் போகும். ஆனால் எஸ்எம்எஸ் எப்படியாவது வந்து சேர்ந்துவிடும். போன் எட்டாத நேரத்தில் செய்தி கம்பெனியின் சர்வரில் காத்திருக்கும். அத்தை மேட்டுக்கு ஏறி சிக்னல் கிடைத்ததும் டிங் என்று வந்து விழும்.

அத்தையிடம் இருப்பது பட்டன் போன். தமிழ் மட்டும்தான் படிப்பார். எனவே தங்கிலீஷில் அடித்து அனுப்புவதற்கு வழியே இல்லை.

இந்த முறை ஜெர்மனியிலிருந்து வந்தபோது, சேலத்தில் அத்தைக்குக் கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்திருந்தோம். அஸ்தம்பட்டியில் இருக்கும் என் தங்கைதான் முதல் நாள் மெசேஜ் அனுப்பினாள்:

"அத்தை, நாளை காலை பத்து மணிக்கு சேலம் கண் மருத்துவமனையில் பரிசோதனை இருக்கிறது. பழைய கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாருங்கள்."

மறுநாள் பத்து மணி ஆகியும் அத்தை வரவில்லை. மதியம் லைன் கிடைத்தபோது, "கண்ணாடிய எடுத்து வெச்சுட்டு ஒக்காந்திருக்கேன், எங்க வரணும்னு சொல்லவே இல்லையேப்பா" என்றார். அன்று சாயங்காலம் நான் மேலே போய்ப் போனை வாங்கிப் பார்த்தேன். இன்பாக்ஸில் இருந்த செய்தி இப்படித் தொடங்கியது: "ருக்கிறது. பழைய கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாருங்கள்." முன்பாதியைக் காணோம். நான் மேட்டுப் பக்கம் போனபோதுதான் அது வந்தது. "பரிசோதனை இ" என்று அங்கே முடிந்திருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. காரணம், நான் வேலை செய்வதே எஸ்எம்எஸ் அனுப்பும் மென்பொருளில்தான். தங்கைக்கு வந்தது கோபம். "எழுபது எழுத்துதான் போகும்னு எனக்குத் தெரியாதா? எண்ணிப் பார்த்துத்தான் அனுப்பினேன், அறுபதுதான் வந்துச்சு" என்றாள். அவள் எண்ணியது சரி. புள்ளி, கொம்பு எல்லாவற்றையும் சேர்த்துத் தமிழ் வாத்தியார் எண்ணுவது போல எண்ணினால் அந்தச் செய்தியில் 60 எழுத்துதான். ஆனால் போன் அப்படி எண்ணாது.

ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு இருக்கும் இடம் 140 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும் என்பதால் அதற்குள் 160 அடங்கும். தமிழுக்கு ஒவ்வொரு குறியும் 16 பிட், அதாவது 2 பைட். 140-ஐ இரண்டால் வகுத்தால் 70. இது வரைக்கும் தங்கைக்குத் தெரியும். தெரியாதது, அந்த எழுபது எதன் கணக்கு என்பதுதான். போனும் கணினியும் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் "க" ஒரு குறி. "கி" இரண்டு: க ஒன்று, மேல்விலங்கு ஒன்று. "க்" கூட இரண்டு, ஏனென்றால் புள்ளி தனிக்குறி. "அத்தை" என்பது நமக்கு மூன்றெழுத்து. போனுக்கு அ, த, புள்ளி, த, ஐகாரக் குறி என்று ஐந்து. "எடுத்துக்கொண்டு" நமக்கு எட்டு, அதற்கு 15. இடைவெளியும் முற்றுப்புள்ளியும் ஆளுக்கு ஒன்று. இப்படிக் கூட்டினால் அந்த மெசேஜ் 119.

119 என்பது எழுபதைத் தாண்டிவிட்டதால் செய்தி இரண்டாக உடையும். அப்படி உடையும்போது ஒவ்வொரு துண்டுக்கும் எழுபது கிடைக்காது, 67தான். கடித உறையின் மேல் "இரண்டில் ஒன்று", "இரண்டில் இரண்டு" என்று எழுதுவது போல, எந்தத் துண்டு எங்கே சேர வேண்டும் என்ற குறிப்புக்கு 6 பைட் போய்விடும். மீதி 134 பைட், அதில் 67 குறி. தங்கை செய்தியில் அறுபத்தேழாவது குறி எது என்று எண்ணிப் பார்த்தால், அது "இருக்கிறது" என்பதன் "இ". அங்கேதான் அறுத்திருக்கிறது.

நல்ல போன் இரண்டு துண்டும் வரும்வரை காத்திருந்து ஒட்டிக் காட்டும். மலிவான சில பட்டன் போன்கள் கைக்குக் கிடைத்த துண்டை அப்படியே காட்டிவிடும். துண்டுகள் இரண்டும் தனித்தனிச் செய்தியாகத்தான் பயணம் செய்கின்றன. பள்ளத்தில் சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் ஒன்று வந்து இன்னொன்று நிற்பதில் வியப்பில்லை. செய்தி நடுவார்த்தையில் தொடங்கினாலோ முடிந்தாலோ, இன்னொரு பாதி எங்கோ நிற்கிறது என்று பொருள். எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வந்தால் அது வேறு நோய், அந்தப் போனில் தமிழ் எழுத்துருவே இல்லை.

ஆகவே பள்ளத்தில் இருப்பவருக்கு அனுப்பும்போது ஒரே துண்டில் முடிப்பதுதான் வழி. மறு தேதி வாங்கியதும் நானும் தங்கையும் உட்கார்ந்து அதே செய்தியைக் கத்தரித்தோம். "பரிசோதனை இருக்கிறது" என்பது முன்னால் உள்ள இடைவெளியோடு 20. கண் ஆஸ்பத்திரிக்கு வேறு எதற்குக் கூப்பிடுவோம்? அது முதலில் போனது. "பத்து" என்பதை "10" ஆக்கினால் ஐந்து இரண்டாகிறது. "மணிக்கு" என்பதில் "மணி" போதும், நான்கு மிச்சம். "மருத்துவமனையில்" 15, "ஆஸ்பத்திரி" 10. அத்தை வாயில் வருவதும் ஆஸ்பத்திரிதான். "கண்ணாடியை" என்பதில் கடைசி வேற்றுமை உருபை விட்டால் இரண்டு மிச்சம். பெரிய லாபம் கடைசியில் இருந்தது. "எடுத்துக்கொண்டு வாருங்கள்" 25, "வேணும்" வெறும் 6.

"அத்தை, நாளை காலை 10 மணி சேலம் கண் ஆஸ்பத்திரி. பழைய கண்ணாடி வேணும்."

66. நான்கு இடம் மிச்சம்கூட. இதில் கவனித்தது, எழுத்துத் தமிழ்தான் இடத்தை விழுங்குகிறது. "வந்துகொண்டிருக்கிறேன்" 21, பேசுவது போல "வரேன்" என்றால் 5. உருபும் துணைவினையும் புள்ளியும் கொம்புமாக வந்து குவிகின்றன. பேச்சில் அவையெல்லாம் ஏற்கெனவே தேய்ந்து போயிருக்கின்றன.

எண்ணுவதற்குக் கைவிரலை நம்ப வேண்டாம். ஸ்மார்ட்போனில் எஸ்எம்எஸ் எழுதும் பெட்டியின் ஓரத்தில் பல போன்கள் மீதி எண்ணிக்கையைக் காட்டும். அது யூனிகோடு குறியைத்தான் எண்ணுகிறது. ஆங்கிலத்தில் அடிக்கும்போது 160-இலிருந்து இறங்கி வரும் எண், நடுவில் ஒரே ஒரு தமிழ் எழுத்து விழுந்ததும் எழுபது கணக்குக்குத் தாவும். அந்த ஒரு எழுத்துக்காகச் செய்தி முழுவதும் 2 பைட்டுக்கு மாறிவிடுகிறது. ஒரு எமோஜி போட்டாலும் இதே கதிதான். நீளமாக ஆங்கிலத்தில் எழுதிவிட்டுக் கடைசியில் பாசமாக "அத்தை" என்று தமிழில் முடித்தால் ஒன்று இரண்டாகும், சில நேரம் மூன்றும் ஆகும். ரீசார்ஜ் பேக்கில் வரும் எஸ்எம்எஸ் கணக்கும் துண்டுக்குத் துண்டுதான். வெளிநாட்டிலிருந்து அனுப்பினால் காசும் அப்படித்தான் கழியும்.

கண்ணில் படாத இன்னொரு திருட்டு, "கொ" போன்ற எழுத்துகளில் நடக்கும். ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் சேர்த்த ஒரே குறி யூனிகோடில் உண்டு, அதோடு "கொ" இரண்டு. சில கீபோர்டுகள் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் போடும், அப்போது மூன்று. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. எண்ணிக்கை எதிர்பார்த்ததை விட ஒன்றிரண்டு கூடினால் இதைச் சந்தேகிக்கலாம்.

தமிழை 7 பிட்டில் அடக்க வழி இல்லையா என்று தங்கை கேட்டாள். இருக்கிறது. மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி, தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு 7 பிட் அட்டவணைகளைத் தந்திருக்கிறது. அதில் அனுப்பினால் எழுபதுக்குப் பதில் 155 வரை போகும். ஆனால் அனுப்பும் போன், வாங்கும் போன் இரண்டுக்கும் அந்த அட்டவணை தெரிந்திருக்க வேண்டும். தெரியாத போன் அதை வழக்கமான ஆங்கில அட்டவணையில் படித்து, வாய்க்கு வராத எழுத்துகளாகக் கொட்டும். அத்தை கையில் இருக்கும் போனை வைத்து அந்தச் சோதனை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

போனை மாற்றித் தரலாம் என்று சேலத்தில் கடைக்குப் போனோம். கடைக்காரத் தம்பி நல்ல மாதிரி. பெட்டியைப் பிரித்து சிம் போட்டுப் பார்க்க விட்டார். முதலில் "கெ கே கை கொ கோ கௌ" என்று என் போனிலிருந்து அனுப்பினேன். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறதா, பின்னால் போய் ஒட்டுகிறதா என்று பார்க்க இது போதும். ஒரு மாடலில் கொம்பெல்லாம் பின்னால் போய் நின்றது. அதை ஒதுக்கினோம். பிறகு தங்கையின் அதே 119 குறி மெசேஜை அனுப்பினேன். அடுத்த மாடல் அதை ஒட்டி ஒரே செய்தியாகக் காட்டியது, எழுத்தும் பெரிதாக இருந்தது. அதை வாங்கினோம். புதுப் போன் ஒட்டிக் காட்டும் என்பதற்காக நீளமாக அனுப்பத் தொடங்க முடியாது. ஒரு துண்டு வழியிலேயே நின்றால் ஒட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

66 குறி மெசேஜ் போய்ச் சேர்ந்தது, அத்தையும் 20 கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் இறங்கி நேரத்துக்கு வந்தார். வந்ததும் முதல் வார்த்தையே, "என்னப்பா, கடன்காரனுக்கு அனுப்பற மாதிரி கண்ணாடி வேணும்னு அனுப்பியிருக்கீங்க?" மரியாதையைத்தான் முதலில் வெட்டியிருக்கிறோம் என்று தங்கை என்னை முறைத்தாள். அன்று ராத்திரியே அடுத்த பரிசோதனைக்கு வேறு மாதிரி எழுதிப் பார்த்தாள். "வேணும்" போய் "எடுத்து வாங்க" வந்ததில் 73 ஆனது. அத்தைக்குப் பின் இருந்த கமாவை எடுத்தாள், கடைசி முற்றுப்புள்ளியை எடுத்தாள், பத்துக்கும் மணிக்கும் நடுவே இருந்த இடைவெளியையும் எடுத்தாள்:

"அத்தை நாளை காலை 10மணி சேலம் கண் ஆஸ்பத்திரி. பழைய கண்ணாடி எடுத்து வாங்க"

சரியாக 70. இதை அவள் போனில் டிராஃப்டாகச் சேமித்து வைத்திருக்கிறாள். "நாளை" என்ற இடத்தில் "வெள்ளி" என்று போடக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். நாளை நான்கு, வெள்ளி ஆறு.